முகாமுக்குப் போகும் முன் ரேஷன் அட்டையைப் பாருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டச் சேர்க்கை முகாம் என்று சுகாதாரத் துறை வெளியிடும் படத்தின் கீழே ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று என மூன்று ஆவணங்களைக் கேட்டிருப்பார்கள். சிக்கல் பெரும்பாலும் முதலாவதில்தான். கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தால், புகுந்த வீட்டுக் காப்பீட்டில் அவரைச் சேர்ப்பது கடினம். அங்கே நீக்கி, இங்கே சேர்த்துக்கொண்டு போவதுதான் நல்லது. இந்த வேலை முகாமில் நடக்காது. வருமானச் சான்றில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முகாமைத் தவறவிட்டவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்தில் சேரலாம். சந்தேகமிருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.