நிதிக்குழு முதலில் தேடும் வரி

பள்ளிவாசல் பரிபாலன சபையிடம் பணம் கேட்டுச் செலவு மதிப்பீடு சமர்ப்பிப்போர், மொத்தத் தொகை சிறிதாகத் தெரிந்தால் அனுமதி கிடைத்துவிடும் என எண்ணுவதுண்டு. ஆனால் கொழும்பில் இத்தகைய நிதிக்குழுக்களில் இருப்போரில் பலர் வியாபாரிகள். அவர்கள் முதலில் தமக்கு விலை தெரிந்த ஒரு வரியையே தேடுவர். அது சரியாக இருந்தால் தமக்குத் தெரியாத வரிகளையும் நம்புவர். அது பிழைத்தால் முழுக் கடிதத்தையும் சந்தேகிப்பர்.

உதாரணமாக, வெள்ளவத்தையில் கடலோரமாக உள்ள குர்ஆன் மத்ரஸா ஒன்றின் கூரையை மாற்ற வேண்டும் என வைத்துக்கொள்வோம். கூரையின் பரப்பு 1,500 சதுர அடி.

கேட்பது முதலில்

"கூரையை மாற்ற 12,30,350 ரூபா தேவை. மத்ரஸாவிடம் 3,00,000 ரூபா உண்டு. சபையிடம் கேட்பது 9,30,350 ரூபா. அடுத்த மழைக்கு முன் வேலை முடிய வேண்டும்" என்று முதல் பந்தியிலேயே எழுதிவிட வேண்டும். தொகையை மூன்றாம் பக்கத்தில் வைத்தால், வாசிப்பவர் இடையிலுள்ள நியாயங்களை வாசிக்காமல் தொகையைத் தேடியே தாள் புரட்டுவார்.

அடுத்து, தேவை. "கூரை மிகவும் பழுதடைந்துள்ளது" என்பது போதாது. எந்த வகுப்பில் ஒழுகுகிறது, கடந்த மழையில் எத்தனை நாட்கள் வகுப்பு நடக்கவில்லை, எத்தனை மரச்சட்டங்கள் உக்கியுள்ளன என்பதைப் படத்துடன் காட்ட வேண்டும்.

அதற்கடுத்து, மலிவான மாற்றுவழி. ஒட்டுப்போட்டுச் சமாளிக்க வருடத்துக்கு 85,000 ரூபா என்றால் ஐந்து வருடங்களுக்கு 4,25,000 ரூபாதான். எனவே, புதுக் கூரையால் பணம் மிச்சம் என்று எழுதக்கூடாது. குழுவில் ஒருவர் கணக்குப் பார்த்தால் அந்த வாதம் அங்கேயே விழுந்துவிடும். உக்கிய சட்டத்தின் கீழ் பிள்ளைகள் அமர்ந்திருப்பதே உண்மையான காரணம். அதையே எழுத வேண்டும்.

வரிக்கு வரி விளக்கம்

- தகடு: 1,650 சதுர அடி × 350 ரூபா = 5,77,500
- மரச்சட்டம் மாற்றல்: 1,80,000
- பீலி: 80 அடி × 1,200 ரூபா = 96,000
- கழற்றல், பொருத்தல் கூலி: 2,40,000
- ஏற்றுக்கூலி: 25,000
- கூட்டுத்தொகை: 11,18,500
- எதிர்பாராச் செலவு, 10 வீதம்: 1,11,850

கூரை 1,500 சதுர அடியாக இருக்கத் தகடு ஏன் 1,650? ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிவதற்கும் வெட்டுக் கழிவுக்குமாக 10 வீதம் சேர்த்திருக்கிறோம். மலிவான தகடு ஏன் இல்லை? கடலின் உப்புக் காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். இவ்விரு பதில்களும் அந்த வரியின் கீழேயே இருக்க வேண்டும். கடைசியில் "நியாயப்படுத்தல்" எனத் தனிப்பக்கம் வைத்தால் கேள்வி முந்திக்கொள்ளும்.

விலைமனுக்களை ஒப்பிடும்போதும் கவனம் தேவை. பழைய சோனகத் தெருவில் ஒரு கடை 350 ரூபா என்றும் இன்னொரு கடை 310 ரூபா என்றும் தரலாம். முதலாவது வற் வரி சேர்ந்தது, இரண்டாவது சேராதது என்றால், 2024 ஜனவரி முதல் உள்ள 18 வீதத்தைக் கூட்டியதும் 310 என்பது ஏறத்தாழ 366 ஆகிவிடும். இதை நீங்களே எழுதாவிட்டால், கொட்டாஞ்சேனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் அங்கத்தவர் "ஏன் கூடிய விலைக்கு வாங்குகிறீர்கள்?" என்று கேட்பார். தகட்டின் தடிப்பும் இரு விலைமனுக்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சந்தேகமான வரி

இப்பட்டியலில் உறுதியில்லாதது மரச்சட்டம். தகட்டைக் கழற்றிய பின்னரே எவ்வளவு உக்கியிருக்கிறது என்பது தெரியும். அதைச் சொல்லிவிட்டு, எதிர்பாராச் செலவு இதற்கே என்றும், பொருளாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அது எடுக்கப்படாது என்றும் குறிப்பிட வேண்டும். "இதர செலவுகள் 1,00,000" என்ற வரியோ இந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடும்.

எப்படியும் வெட்டுவார்கள் என்று தொகையைக் கூட்டிக் கேட்பதும் ஆபத்தானது. ஒருமுறை அது அகப்பட்டால் அடுத்தமுறை உண்மையான தொகையும் வெட்டப்படும். அதற்குப் பதிலாக, "தொகை குறைந்தால் பீலியைப் பிற்போடலாம். சட்டத்தைப் பிற்போட முடியாது" என எழுதிவையுங்கள். அப்போது குழு தொகையை மட்டும் வெட்டாமல் வேலையைப் பார்த்துத் தீர்மானிக்கும்.

வேலை முடிந்ததும் அதே வரிகளை அதே ஒழுங்கில் வைத்து, பக்கத்தில் உண்மைச் செலவையும் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் எழுதி, மிகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டப்படி நம்பிக்கையாளர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். இந்தத் தாள் அவர்களுக்கும் கைகொடுக்கும். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ளச் சொல்வதுடன், சந்தேகம் எழாதிருக்க அதுவே நெருக்கமான வழி என்றும் காரணம் கூறுகிறது. அமானிதப் பணத்துக்கான மதிப்பீட்டை எழுதுவோருக்கும் இக்காரணம் பொருந்தும்.