வானிலைத் திரையை எழுத்தில் எடுப்பது எப்படி?

‘சாயங்காலம் மழை உண்டா?’ என்று யாராவது கேட்டால், செல்போனில் தெரியும் வானிலைத் திரையை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறோம். கேட்டவர் பார்வையற்றவர் என்றால் அந்தப் படம் அவருக்கு முழுதாகப் போய்ச் சேராது. டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற வாசிப்பு வசதிகள் எழுத்தாக வரும் செய்தியைச் சிக்கலில்லாமல் வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஓரளவுதான் பிடிக்கும். அதனால் திரையில் உள்ளதை நாமே எழுத்தாக்கி அனுப்புவது நல்லது. அதில் சூரியன், மேகம், நிலா போன்ற சின்னப் படங்களை விட்டுவிடலாம். திரையில் எழுத்தாகவும் எண்ணாகவும் இருப்பவை மட்டும் போதும்.

நவம்பர் மாலை ஒன்றில் சென்னைக்கான ஐபோன் திரை என்று வைத்துக்கொள்வோம். அதை எழுத்தில் எடுத்தால் இப்படி வரும்:

```
Chennai
27°
Mostly Cloudy
H:29° L:24°

Now      27°
5PM      27°
5:39PM   Sunset
6PM      26°
7PM      40%  25°
8PM      60%  25°
```

H என்பது அன்றைய அதிகபட்ச வெப்பநிலை, L என்பது குறைந்தபட்சம். மேல்பகுதியை எழுதுவதில் சிரமமே இல்லை. கவனம் வேண்டியது மணிவாரிப் பகுதியில்தான். திரையில் அது நெடுக்குப் பத்திகளாக இருக்கிறது: மேலே நேரம், நடுவில் படம், மழை வாய்ப்பு இருந்தால் அதன் கீழே சதவீதம், அடியில் வெப்பநிலை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் பலவும் இதைக் குறுக்குவாட்டில் வாசித்துவிடும். ஆறு நேரங்கள் ஒரு வரியாகவும், சதவீதங்கள் ஒரு வரியாகவும், வெப்பநிலைகள் இன்னொரு வரியாகவும் வரும். எது எதற்குச் சேர வேண்டும் என்பதை நாம்தான் பொருத்த வேண்டும்.

பொருத்தும்போது இரண்டு இடங்களில் தவறு நேரும். முதலாவது, சூரியன் மறையும் நேரம். அந்தப் பத்தியில் வெப்பநிலைக்குப் பதில் Sunset என்ற சொல்தான் இருக்கும். அதைத் தேவையில்லை என்று நீக்கிவிட்டு எண்களை மட்டும் வரிசையாக அடுக்கினால், 6 மணியின் 26° மேலே ஏறி 5:39-க்குப் போய்விடும். கடைசியில் 8 மணிக்கு எண்ணே மிஞ்சாது. கடைசி வரி வெறுமையாக நின்றால், நடுவில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது, மழைச் சதவீதம். நம் திரையில் ஆறு பத்திகளுக்கு இரண்டே சதவீதங்கள். அவற்றை இடமிருந்து வரிசையாகப் போட்டால், 7 மணிக்கும் 8 மணிக்கும் உரிய மழை இப்போதைக்கும் 5 மணிக்கும் வந்துவிடும். ஆறரைக்குள் வீடு திரும்பலாம் என்றிருப்பவர் கிளம்பாமலேயே இருந்துவிடுவார். அதனால் சதவீதத்தை மட்டும் படத்தைப் பார்த்தே எழுத வேண்டும். சதவீதம் இல்லாத மணிக்கு நாமாக 0% என்று போடவும் கூடாது. திரை அப்படிச் சொல்லவில்லை.

செயலியைக் கொண்டு எடுத்தால் டிகிரிக் குறியையும் பார்க்க வேண்டும். 27° என்பதைப் பல நேரம் 270 என்று வாசித்துவைக்கும். சூரியன் படத்தை O என்ற எழுத்தாகவோ, மேகத்தை ஏதோ ஒரு கிறுக்கலாகவோ சேர்த்துவிடும். அவற்றை நீக்கிவிடலாம். எண்களைச் சரிபார்க்க வழி திரையிலேயே இருக்கிறது. Now வரியின் வெப்பநிலையும் மேலே பெரிதாகத் தெரியும் எண்ணும் பொதுவாக ஒன்றாகவே இருக்கும். அன்றைய மணிகளில் ஏதாவது ஒன்று H எண்ணைத் தாண்டினால் மறுபடி படத்தைப் பார்க்க வேண்டும்.

படங்களை விடுவதால் இழப்பு இல்லையா என்றால், கொஞ்சம் உண்டு. நிலா படம் போனால் பாதகமில்லை. இரவு என்பதை நேரமே சொல்லிவிடும். ஆனால் Mostly Cloudy என்ற சொல் இந்த நேரத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு மணிக்கும் வானம் எப்படி என்பதைப் படம் மட்டுமே காட்டுகிறது. அதற்காக 6 மணிக்கு நேரே நாமே ‘மேகமூட்டம்’ என்று எழுதினால், திரையில் இல்லாத சொல்லைத் திரையின் சொல்லாகக் காட்டியதாகிவிடும். அவசியம் என்றால், பிரதி முடிந்தபின் தனி வரியில், இது என் கணிப்பு என்று சொல்லி எழுதலாம். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் பத்தியையும் ஊகித்து நிரப்பாமல் விட்டுவிடுவதே சரி.

திரையின் உச்சியில் உள்ள பேட்டரி, சிக்னல் எல்லாம் வேண்டாம். ஆனால் அங்குள்ள கடிகார நேரத்தை மட்டும் எழுத்துப் பிரதியின் முதல் வரியில் சேர்த்துவிட வேண்டும். கணிப்பு அடிக்கடி மாறும். செய்தியை ஒரு மணி நேரம் கழித்துத் திறப்பவருக்கு, Now என்பது எந்த நேரம் என்பதை வேறு எதுவும் சொல்லாது.