ஒரே மரம், மூன்று வரிசை

(8 + 2) × (7 − 4) என்ற கணக்கின் விடை 30. அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டால் விடை 18 ஆகிவிடும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது விதி. எதை எதனோடு சேர்ப்பது என்ற விவரம் அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. அதே விவரத்தைக் குறியே இல்லாமல் ஒரு பைனரி மரத்தில் வைக்கலாம்.

```
        ×
      /   \
     +     −
    / \   / \
   8   2 7   4
```

இந்த மரத்துக்கு வேர் மேலே இருக்கிறது. ஒரு கணுவுக்குக் கீழே அதிகபட்சம் இரண்டு கிளைகள்தான். மரத்தை வாசிக்கும் மூன்று முறைகளிலும் இடக்கிளையை முழுக்க முடித்த பிறகே வலக்கிளைக்குப் போகிறோம். கணுவை எப்போது எழுதுகிறோம் என்பது மட்டுமே மாறுகிறது.

பிரீஆர்டரில் கணுவை முதலில் எழுதிவிட்டுக் கிளைகளுக்குள் இறங்க வேண்டும். × எழுதி இடப்பக்கம் போனால் +, அதன் கீழே 8, 2. இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் −, பிறகு 7, 4.

```
× + 8 2 − 7 4
```

பலர் தவறுவது இங்கேதான். × எழுதியதும் + − என்று அடுத்தடுத்து எழுதிவிடுவார்கள். அது மரத்தை மட்டம் மட்டமாக வாசிப்பது, பிரீஆர்டர் ஆகாது. + கணுவின் கீழே உள்ள 8, 2 இரண்டையும் முடிக்காமல் − பக்கம் போகக் கூடாது.

இன்ஆர்டரில் இடக்கிளை, கணு, வலக்கிளை என்று போகிறோம். + கணுவை 8-க்கும் 2-க்கும் நடுவில் எழுதுகிறோம். × குறியை இரு பாதிகளுக்கும் நடுவில் எழுதுகிறோம்.

```
8 + 2 × 7 − 4
```

நாம் பள்ளியில் எழுதிப் பழகிய வடிவம் இதுதான். ஆனால் 18 என்ற தவறான விடையைத் தருவதும் இதுவே. சரியாக வர வேண்டுமானால் அடைப்புக்குறிகளை மறுபடி போட வேண்டும்.

போஸ்ட்ஆர்டரில் இரு கிளைகளும் முடிந்த பிறகே கணுவை எழுதுகிறோம். 8, 2, பிறகு +; 7, 4, பிறகு −; கடைசியில் ×.

```
8 2 + 7 4 − ×
```

இதை இடமிருந்து வலமாக வாசித்தே கணக்கைப் போட்டுவிடலாம். எண் வந்தால் அடுக்கி வைக்க வேண்டும். குறி வந்தால் மேலே உள்ள இரண்டு எண்களை எடுத்துக் கணக்கிட்டு, விடையைத் திரும்ப வைக்க வேண்டும். 8, 2 இருக்கும்போது + வருகிறது, 10 ஆகிறது. அதன் மேல் 7, 4 ஏறியதும் − வருகிறது, 3 ஆகிறது. கடைசியில் × வந்து 10, 3 இரண்டையும் பெருக்கி 30 தருகிறது. ஒவ்வொரு குறிக்கும் சரியாக இரண்டு எண்கள் தேவை என்பதால் அடைப்புக்குறிக்கு வேலையே இல்லை. 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டரில் கணக்கை இந்த வரிசையில்தான் தட்ட வேண்டும்.

எழுதிய வரிசை சரியா என்று பார்க்க முதலில் வேரைத் தேடுங்கள். பிரீஆர்டரில் அது முதலில் நிற்கும், போஸ்ட்ஆர்டரில் கடைசியில் நிற்கும், இன்ஆர்டரில் இடப்பாதிக்கும் வலப்பாதிக்கும் நடுவில் நிற்கும். அப்படி இல்லையென்றால் வரிசை தவறு.