ஆச்சி சொல்லும் ஆறு வரி

பேர் வைக்கிற வீட்டில் சடங்கு என்று பார்த்தால் கொஞ்ச நேரந்தான். புண்ணியாகவாசனம் செய்யும் வீடுகளில் பதினோராம் நாள், மற்ற வீடுகளில் பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ, அவரவர் வழக்கப்படி. சேலையில் தொட்டில் கட்டி, குழந்தையை மடியில் வாங்கி, வலது காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வார்கள். அதை முடித்ததும் எல்லோரும் தாத்தா, பாட்டி முகத்தைப் பார்ப்பார்கள். "நீங்க நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். அங்கேதான் பலருக்கும் நா எழாது.

உதவுவதாக நினைத்துப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் மேடைத் தமிழாக இருக்கும். "எல்லா வளமும் நலமும் பெற்று, கல்வியிலும் செல்வத்திலும் சிறந்து, குலம் விளங்கப் பல்லாண்டு வாழ்க" என்று ஒரே வாக்கியம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். 'வாழ்க' என்ற சொல்லை எட்டுவதற்குள் எழுபது வயதுக்காரருக்கு மூச்சு வாங்கிவிடும். பல்செட் போட்டவர்களுக்கு 'சகல ஐஸ்வர்யங்களும்' போன்ற சொற்கள் இன்னும் சிரமம். அதனால் ஒரு வரிக்கு ஒரே ஒரு வாழ்த்து போதும். மூன்று, நான்கு சொல்லுக்குள் வினை வந்துவிட வேண்டும். அடுத்த வரிக்கு முன்னால் நிதானமாக மூச்சு விட இடம் கிடைக்கும்.

திருநெல்வேலிப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டாவதும் பெண் குழந்தை. அப்பாவைப் பெற்ற ஆச்சி மடியில் வைத்திருக்கிறார். குழந்தைக்கு ஆச்சியின் மாமியார் பெயரையே வைக்கிறார்கள்: வள்ளியம்மை. மாமியார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை அது. இத்தனை வருஷமும் 'அத்தை' என்றே சொல்லிவந்த ஆச்சி, இப்போது அந்தப் பெயரைக் காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். தயங்கினால் அவசரப்படுத்தக்கூடாது. "நீங்க சொல்லுங்க அத்தை, உங்க பேத்திதானே" என்று மருமகள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆச்சிக்குத் தைரியம் வந்துவிடும்.

காதில் சொல்லி முடித்த பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, சபைக்குக் கேட்கிற மாதிரி சொல்வதற்கு இப்படி ஆறு வரி:

"வள்ளியம்மை... என் தாயி...
ஆச்சி வந்திருக்கேன்.
உங்க பூட்டி பேரு உனக்கு.
நல்லா பால் குடி, நல்லா தூங்கு.
உங்க அம்மைக்கு உடம்பு தேறட்டும்.
நூறு வயசு நல்லா இரு, தாயி."

மெதுவாகச் சொன்னாலும் அரை நிமிஷந்தான் ஆகும். முதல் வரியில் பெயரும் 'தாயி'யும் விளிக்கிற சொற்கள். எவ்வளவு வேண்டுமானாலும் இழுத்துச் சொல்லலாம், தொண்டை கம்மினால்கூடத் தெரியாது. ஆச்சிக்குக் குரல் உடையும் இடம் பெரும்பாலும் பூட்டி பேர் வரும் மூன்றாவது வரியாக இருக்கும். அங்கே நின்றுவிட்டால், நேரே கடைசி வரிக்குப் போய்விடலாம். வாழ்த்து குறைந்துபோகாது.

ஐந்தாவது வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்பேன். கூடியிருக்கிற அத்தனை பேர் கண்ணும் பிள்ளைமேல் இருக்கும்போது, பெற்றவளின் பச்சை உடம்பை நினைத்து ஒருத்தர் சபையில் பேசுவது அவளுக்குப் பெரிய ஆறுதல். மாமியார் வாயிலிருந்து அது வந்தால் இன்னும் விசேஷம்.

வாழ்த்தும்போது கை என்ன செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்பது மருத்துவர்கள் சொல்வது. ஒரு வயது ஆகும்வரை தேன் அறவே கூடாது; அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, உடம்பைத் துவளச் செய்துவிடும். ஆசை தீர உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு வாழ்த்தலாம். அட்சதையை முகத்துப் பக்கம் தூவாமல் காலருகில், துணிமேல் போடலாம். மைக் வைத்தே ஆக வேண்டுமென்றால், காதில் பெயர் சொல்லி முடித்தபிறகு தள்ளிப் பிடிக்கட்டும்.

முதல் நாள் சாயங்காலமே, கண்ணாடி இல்லாமலும் தெரிகிற பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம்விட்டு எழுதிக் கொடுங்கள். ஆச்சியை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவர் அன்றாடம் சொல்லும் சொல்லைப் போடுங்கள்.

இன்னொன்றையும் அப்போதே காதில் போட்டுவையுங்கள். வாழ்த்தி முடித்த சந்தோஷத்தில் "அடுத்தது பையனா பிறக்கட்டும்" என்று வாய் தவறி வந்துவிடும். அந்தத் தாயையும் மடியிலிருக்கும் பெண்ணையும் நினைத்து, அதை மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.