விசா படிவம் கேட்கும் இன்ஸ்டாகிராம் முகவரி

அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவத்தில் 2019 மே மாத இறுதியிலிருந்து ஒரு கேள்வி இருக்கிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகள் எவை? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன், யூடியூப் என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, அதில் உங்கள் பயனர் பெயரை எழுத வேண்டும். பாஸ்வேர்டைக் கேட்க மாட்டார்கள்.

திருச்சியிலிருந்து மேற்படிப்புக்குப் போகும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் வைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்கை இரண்டு வருடங்களுக்கு முன் அழித்துவிட்டார். அழித்தாலும் அது ஐந்தாண்டுக்குள் வருவதால் எழுதத்தான் வேண்டும். பெயர் மறந்துபோயிருந்தால், பழைய மின்னஞ்சல்களில் இன்ஸ்டாகிராம் அனுப்பியவற்றைத் தேடினால் கிடைத்துவிடும். எதையும் பதிவிடாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த கணக்கும் கணக்குதான். ஆனால் ஒரு நிறுவனத்தில் பலரும் சேர்ந்து நடத்தும் பக்கத்தைக் குறிப்பிடத் தேவையில்லை.

அவர் இதைவிடக் கவனிக்க வேண்டியது லிங்க்ட்இன். மார்ச்சில் வேலையை விட்டதாகப் படிவம் சொல்கிறது; லிங்க்ட்இன்னோ இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதாகக் காட்டுகிறது. அதிகாரிக்கு இது பொய்யாகத் தெரியலாம். அதனால் படிவத்தை நிரப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி தேதியாக ஒப்பிட்டு, தவறாக உள்ளதைத் திருத்திவிடுவது நல்லது.

2025 ஜூன் முதல் மாணவர், பரிமாற்றத் திட்ட விசா கேட்பவர்களும், டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 கேட்பவர்களும் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொல்லியிருக்கிறது. நேர்காணலில் எல்லாம் சரியாக முடிந்தாலும், 221(g) என்ற சீட்டைக் கொடுத்து முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, பிறகு பதிவுகளைப் பார்ப்பதும் நடக்கிறது. வன்முறை அமைப்புகளுக்கு ஆதரவு, அமெரிக்கா மீது வெறுப்பு, சொன்ன நோக்கத்துக்கு முரணான பதிவுகள் ஆகியவற்றைத்தான் தேடுகிறார்கள். வெறுப்பு எது, விமர்சனம் எது என்பதைப் பார்க்கிற அதிகாரியே முடிவு செய்கிறார். என் கருத்தில், இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம் இதுதான்.

விடுபட்ட கணக்கு பின்னால் தெரியவந்தால், பழைய பதிவைவிட அதை மறைத்தது பெரிய பிரச்சினையாகிவிடலாம். வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால், வாழ்நாள் முழுவதும் விசா மறுக்க அமெரிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதனால் நேர்காணலுக்கு முன் விடுபட்டது நினைவுக்கு வந்தால், புதிய டிஎஸ்-160 நிரப்பி, அதன் எண்ணை நேர்காணல் பதிவில் மாற்றிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் நிரப்பித் தந்திருந்தாலும், சமர்ப்பிக்கும் முன் இந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதுதான்.