சளி போச்சு, வாசனை எங்கே?

சளி பிடித்திருக்கும்போது வாசனை தெரியாமல் போவது புதிதல்ல. மூக்கடைப்பு விலகியதும் ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாகவே வந்துவிடும். கவலைப்பட வைப்பது இன்னொரு வகை. இரண்டு நாசியிலும் மூச்சு தாராளமாகப் போய்வருகிறது. ஆனாலும் ரசம் மணப்பதில்லை, காபி கசப்பும் இனிப்பும் கலந்த வெந்நீராக இருக்கிறது. இங்கே கோளாறு அடைப்பில் இல்லை, வாசனை நரம்பில்.

மூக்கின் உச்சியில், இரு கண்களுக்கும் நடுவே, சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு சவ்வு இருக்கிறது. வாசனையை உணரும் நரம்பணுக்கள் அதில்தான் உள்ளன. வைரஸ் அந்தச் சவ்வைப் புண்ணாக்கிவிட்டால் சளி வடிந்த பிறகும் வாசனை எட்டாது. ஆவி பிடிப்பதால் இது சரியாகாது. நல்லவேளையாக, இந்த நரம்பணுக்கள் அழிந்தாலும் திரும்ப முளைக்கக்கூடியவை. முளைத்தவை மூளையோடு சரியாக இணைய வேண்டும் என்பதால்தான் காலம் பிடிக்கிறது.

எவ்வளவு காலம்? பலருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. நரம்பு கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ஒரு வருடம் கழிந்த பிறகு தேறியவர்களும் உண்டு. சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை. வயது கூடக்கூட வேகம் குறையும்.

இந்த மீட்சிக்குக் கைகொடுப்பது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹுமல் 2009இல் தன் குழுவோடு இதைச் சோதித்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை இருவேளை, 12 வாரம் முகர்ந்தவர்கள், பயிற்சி செய்யாதவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். நான்கும் நம் ஊரில் சுலபமாகக் கிடைப்பவை.

ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சளி விட்டு ஒரு மாதம் ஆகியும் தாளிப்பு வாசனை அவருக்குத் தெரியவில்லை. மூடியுள்ள நான்கு சிறு பாட்டில்கள் எடுக்கிறார். ஒன்றில் லேசாக இடித்த கிராம்பு, ஒன்றில் எலுமிச்சைத் தோல், மற்ற இரண்டில் ரோஜா எண்ணெயும் நீலகிரித் தைலமும் சில சொட்டு விட்ட பஞ்சு. காலையில் காபிக்கு முன்பு ஒரு பாட்டிலைத் திறந்து, மூக்கருகே பிடித்து, சுமார் இருபது விநாடி மெதுவாக, சின்னச் சின்னதாக முகர்கிறார். இழுத்து மூச்செடுக்கத் தேவையில்லை. முகரும்போது, ‘இது கிராம்பு, பிரியாணியில் எப்படி மணக்கும்?’ என்று நினைவுக்குக் கொண்டுவருகிறார். சற்று இடைவெளி விட்டு அடுத்த பாட்டில். மொத்தமும் ஐந்து நிமிட வேலை. இரவு படுக்கும் முன் மறுபடியும். எலுமிச்சைத் தோலை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார். மற்றவற்றையும் மணம் மங்கியதும் புதுப்பிக்கிறார். எண்ணெயை மூக்குக்குள் விடுவதில்லை. அது சவ்வை எரிச்சலூட்டும்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியாது. பெரும்பாலானோர் கைவிடுவது அப்போதுதான். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதி வைத்தால், நாளுக்கு நாள் தெரியாத மாற்றம் மாதக் கடைசியில் தெரியும். தைலத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. அதன் குளிர்ச்சியை முகத்தின் உணர்வு நரம்பு தனியாக உணர்கிறது. மிளகாய் நெடியும் அப்படியே. எனவே மூக்கு சில்லென்றால் வாசனை வந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இரண்டு மூன்று மாதத்தில் சிலருக்கு வேறொரு தொல்லை வரும். காபி கருகிய நாற்றமாகவும், வெங்காயமும் பூண்டும் சாக்கடையாகவும் தோன்றும். வீட்டார் இதைச் சாப்பாட்டில் குறை காண்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வேதனை உண்மையானது. புது நரம்புகளின் இணைப்பு இன்னும் சரியாகாததால் வரும் கோளாறு இது. பெரும்பாலும் மீட்சி நடப்பதற்கான அறிகுறியும்கூட. அதுவரை தயிர்சாதம், இட்லி போன்றவற்றைச் சூடு ஆறிய பிறகு சாப்பிட்டால் ஓரளவு தாங்கும். பயிற்சியை நிறுத்த வேண்டாம். மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம். அதன் பிறகு ஏலக்காய், புதினா என்று வாசனைகளை மாற்றித் தொடரலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் வாசனை வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். சளியே இல்லாமல் வாசனை போனாலோ, தலையில் அடிபட்ட பிறகு போனாலோ, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து ரத்தம் வந்தாலோ உடனே போக வேண்டும்.

வாசனை திரும்பும்வரை சமையல் எரிவாயு கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. இரவில் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பால், மீன், மிச்சக் குழம்பு கெட்டதா என்பதை வீட்டில் வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.