பெயரில் ‘தேசிய’, ‘வாரியம்’ இருந்தால் அரசு நிறுவனமா?

கேள்வி: பெயரில் ‘நேஷனல்’, ‘போர்டு’ என்றெல்லாம் இருந்தால் அது அரசுக்குச் சொந்தம்தானே?

பதில்: இல்லை. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பாருங்கள். பெயரில் இந்தியாவும் உண்டு, வாரியமும் உண்டு. ஆனால் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு சங்கம். அதை ‘அரசு’ என்று கருத முடியாது என 2005-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தேயிலை வாரியமோ நாடாளுமன்றம் இயற்றிய 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தால் உருவான அரசு அமைப்பு.

கேள்வி: அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அது எந்தச் சட்டத்தால் பிறந்தது, எங்கே பதிவானது என்று பாருங்கள். கம்பெனி என்றால் அதன் லெட்டர்ஹெட்டில் CIN என்ற 21 இலக்க அடையாள எண் இருக்கும். அதில் ஆண்டைக் குறிக்கும் நான்கு எண்களுக்கு அடுத்த மூன்று எழுத்துகளைக் கவனியுங்கள். GOI என்றால் மத்திய அரசு கம்பெனி. SGC என்றால் மாநில அரசு கம்பெனி. PTC என்றால் தனியார். ஆனால் PLC என்று மட்டும் இருந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பங்குகளில் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் உள்ளதா என்று பாருங்கள். பணம் கட்டும் முன் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள்.